பட்டு உறை, சாட்டின் உறை, பானெட்: இரவில் முடி பரட்டையாவதைக் குறைக்க எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

தலையணை உறை வாங்கப் போனால் 'சாட்டின் சில்க்' என்று எழுதியது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 'மல்பெரி சில்க்' என்று எழுதியதோ சில ஆயிரம் கேட்கிறது. இரண்டும் கையில் ஒரே மாதிரி வழுக்குகின்றன. இரண்டுமே முடிக்கு நல்லது என்றுதான் அட்டையில் போட்டிருக்கிறது. விலை வித்தியாசத்துக்கு என்ன காரணம், அந்த வித்தியாசம் முடிக்குத் தெரியுமா என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

பட்டு என்பது இழை. சாட்டின் என்பது நெசவு. பட்டிலும் சாட்டின் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். சாட்டின் நெசவில் நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல்கள் குறைந்தது நான்கைத் தாண்டி மேலேயே ஓடி, அப்புறம்தான் ஒருமுறை கீழே இறங்கும். சாதாரண நெசவில் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறி வருவதால் துணி முழுக்கக் குட்டிக் குட்டி மேடுகள் இருக்கும். சாட்டினில் அந்த மேடுகள் குறைவு. அதனால்தான் பளபளப்பு, அதனால்தான் வழுக்கல்.

இதோடு நூலின் தன்மையும் சேர்கிறது. பருத்தி இழைகள் சில சென்டிமீட்டர் நீளம்தான். அவற்றை முறுக்கி நூலாக்கும்போது முனைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் பழைய பருத்தி உறையின் மேல் அந்தப் பூம்பஞ்சு தெரியும். மல்பெரிப் பட்டில் ஒரு கூட்டிலிருந்து வரும் இழையே நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம், துருத்துவதற்கு முனையே கிடையாது. பாலியஸ்டரையும் அப்படி நீண்ட இழையாகத்தான் இழுக்கிறார்கள். ஆக, உரசல் என்ற ஒரு விஷயத்தை மட்டும் பார்த்தால், நன்றாக நெய்த பாலியஸ்டர் சாட்டினும் பட்டுச் சாட்டினும் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வியர்வை, எண்ணெய், சூடு, துவைப்பு என்று வரும்போதுதான் பிரிகின்றன. இந்த வழிகாட்டி முழுக்க உரசலையும் இந்த மற்ற விஷயங்களையும் தனித்தனியாக வைத்துப் பார்ப்பதுதான்.

உதாரணத்துக்கு என் தங்கையை எடுத்துக்கொள்கிறேன். சென்னையில், கடலுக்குப் பக்கத்தில் வீடு. இடுப்பு வரை அலையலையான முடி. வாரத்தில் இரண்டு நாள் தேங்காய் எண்ணெய். ஏசி கிடையாது, மின்விசிறிதான். காலையில் எழுந்தால் பின்தலையில் முடி பந்தாகச் சுருண்டிருக்கும் என்பது அவளுடைய புகார்.

முதலில்: இது உரசலால் வருகிறதா, ஈரப்பதத்தால் வருகிறதா?

பணம் செலவழிப்பதற்கு முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முடியின் மேல்தோல், ஓடு வேய்ந்த கூரை மாதிரி செதில் செதிலாக, வேரிலிருந்து நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். ஒரு முடியை விரலிடுக்கில் வைத்து வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழுக்கும், நுனியிலிருந்து வேருக்கு உருவினால் தடுக்கும். தூக்கத்தில் புரளும்போது முடி எல்லாத் திசையிலும் தேய்கிறது. எதிர்த்திசையில் தேயும்போது செதில்கள் தூக்கிக்கொள்கின்றன, ஒரு முடியின் செதில் பக்கத்து முடியில் மாட்டுகிறது, சிக்கு விழுகிறது. சுருட்டை முடிக்கு வளைவு அதிகம், மாட்டும் இடமும் அதிகம்.

ஈரப்பதத்தால் வரும் பரட்டை வேறு. காற்றிலுள்ள நீர் முடிக்குள் போய் உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கலைத்து, முடியைத் தன் இயல்பான வளைவுக்குத் திருப்புகிறது. இதற்கு எந்தத் துணியும் மருந்தில்லை. விலை உயர்ந்த பட்டில் படுத்து எழுந்தாலும், பேருந்து நிறுத்தத்தில் கால்மணி நேரம் நின்றால் பரட்டையாகும் முடி பரட்டையாகத்தான் செய்யும்.

பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. இரவு படுக்கும் முன் பின்தலையை ஒரு போட்டோ, காலையில் சீப்பு படும் முன் ஒரு போட்டோ, வெளியே போய்வந்த பிறகு ஒரு போட்டோ. பரட்டை காலையிலேயே இருந்து, அதுவும் படுக்கும் பக்கத்தில் மட்டும் அதிகமாக இருந்தால் அது உரசல். காலையில் ஒழுங்காக இருந்து வெளியே போனதும் தலை முழுக்கச் சமமாகக் கிளம்பினால் அது ஈரப்பதம். என் தங்கைக்கு இரண்டும் இருந்தது. பின்கழுத்துப் பந்து உரசலால் வந்தது, நெற்றியோரச் சுருள்கள் கடற்காற்றால் வந்தவை. பந்துக்கு மட்டும்தான் உறையால் ஏதாவது செய்ய முடியும் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

கூடவே தலையணையில் கிடக்கும் முடிகளையும் பாருங்கள். நீளமாக, ஒரு முனையில் வெள்ளையாகக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு, அதற்கும் தலையணைக்கும் சம்பந்தமில்லை. குமிழ் இல்லாமல் குட்டையாகத் துண்டு துண்டாக இருந்தால் அது உடைந்த முடி. உரசலைக் குறைத்தால் குறையக்கூடியது இந்த இரண்டாவது வகைதான். 'முடி கொட்டுவதை நிறுத்தும் பட்டு உறை' என்ற விளம்பரத்தை நம்பி வாங்காதீர்கள்.

அடுத்து: கையிலிருக்கும் துணி என்ன துணி?

தங்கை ஏற்கெனவே 'சாட்டின் சில்க்' என்று ஒரு உறை வாங்கி வைத்திருந்தாள். உள்தையலிலிருந்து இரண்டு நூல்களை உருவி எடுத்தோம். நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது முக்கியம். பாவு பட்டாகவும் ஊடை பாலியஸ்டராகவும் நெய்த துணிகள் உண்டு, ஒரு நூலை மட்டும் எரித்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து, அதற்கு மேலே நூலைச் சாமணத்தில் பிடித்துத் தீக்குச்சி காட்டினோம். நூல் சுருங்கி, உருகி, முனையில் கறுப்பாக ஒரு கெட்டி மணி உட்கார்ந்தது. ஆறிய பிறகு நசுக்கினாலும் உடையவில்லை. இரண்டு நூலுமே அப்படித்தான். அது முழுப் பாலியஸ்டர்.

பட்டாக இருந்தால் முடி கருகும் வாடை வரும். பட்டும் முடியும் புரதம்தான், வாடை ஒன்றாக இருப்பதில் ஆச்சரியமில்லை. தீயை எடுத்ததும் எரிவது நின்றுவிடும், மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து சாம்பலாகும்.

எரித்துப் பார்க்க முடியாத புதுத் துணிக்கு 'சில்க் மார்க்' முத்திரையைப் பாருங்கள். மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த திட்டம் அது. புடவைக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், மற்ற பட்டுப் பொருள்களுக்கும் உண்டு. ஆனால் அந்த முத்திரை பட்டா இல்லையா என்பதை மட்டும்தான் சொல்லும், வழுக்குமா என்று சொல்லாது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பட்டு என்றாலே முடிக்கு ஆகும் என்று இல்லை. டசர், எரி, ரா சில்க் எல்லாமே அசல் பட்டுதான். ஆனால் எரிப் பட்டு பருத்தியைப் போல நூற்ற நூல், டசரும் ரா சில்க்கும் சொரசொரப்பான துணிகள். பாட்டியின் காஞ்சிபுரம் புடவையை வெட்டி உறை தைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். முறுக்கேற்றிய கனமான நூல், சாட்டின் நெசவு கிடையாது, ஜரிகையில் முடி மாட்டும். மைசூர் கிரேப்பில் நூலை அதிகமாக முறுக்குவதாலேயே மேற்பரப்பு மணல்மணலாக இருக்கும். தலையணைக்கு வேண்டியது மல்பெரிப் பட்டில் நெய்த சாட்டின். கடைகளில் 'சார்மூஸ்' என்ற பெயரிலும் வரும்.

பட்டு உறையின் கனத்தை 'மோம்மே' என்ற அளவில் போடுவார்கள். 1 மோம்மே என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 4.3 கிராம். 19 முதல் 25 வரை தலையணைக்குச் சரியாக இருக்கும், நடுவில் 22 நல்ல தேர்வு. 16க்குக் கீழே போனால் தலையின் பாரத்துக்கும் துவைப்புக்கும் சீக்கிரம் நைந்துவிடும். பாலியஸ்டர் சாட்டின் உறையில் 'த்ரெட் கவுண்ட்' 600 என்று போட்டிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். உறையை உங்கள் சடை நுனியில் நுனியிலிருந்து மேல்நோக்கி இருபது முறை தேய்த்துப் பாருங்கள். முடி துணியில் மாட்டாமல், பிரிந்து பறக்காமல் இருந்தால் மேற்பரப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நகத்தின் பின்பக்கத்தால் ஒரு கோடு இழுத்தும் பாருங்கள். நூல் கிளம்பி வந்தால் ஒரு மாதத்தில் அந்தத் துணி மேடு பள்ளமாகிவிடும்.

பட்டும் பாலியஸ்டரும் பிரியும் இடம்

'பட்டு ஈரத்தை உறிஞ்சாது, அதனால் முடி வறளாது' என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. சாதாரண அறைக் காற்றில் பட்டு தன் எடையில் சுமார் 11 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பருத்தி சுமார் 8 சதவீதம், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. பருத்தி முடியை வறளச் செய்வதாகத் தோன்றுவதற்குக் காரணம், அதன் நூலிலுள்ள இடைவெளிகள் முடிமேல் பூசிய கிரீமையும் நீரையும் எண்ணெயையும் மளமளவென்று இழுத்துக்கொள்வதுதான்.

நம் ஊருக்கு இதில் பெரிய சேதி இருக்கிறது. மே மாத இரவில் பாலியஸ்டர் உறையில் கன்னத்தை வைத்தால் வியர்வை போக இடமில்லாமல் அங்கேயே பிசுபிசுக்கும். முடியின் அடிப்பகுதி ஈரமாகவே கிடக்கும். ஈரமான முடி உப்பி, பலவீனமாகி, சுலபமாக நீளும், சுலபமாக அறும். உரசலைக் குறைக்க வாங்கிய துணியே முடியை ஈரத்தில் ஊறவைத்தால் கிடைத்த லாபம் போய்விடுகிறது. தங்கைக்கு நடந்தது இதுதான். பின்கழுத்துப் பந்து கொஞ்சம் குறைந்தது, ஆனால் காதோரம் நசநசவென்று இருக்கிறது என்று நடுராத்திரியில் உறையைக் கழற்றிப் போட ஆரம்பித்தாள்.

இரண்டாவது விஷயம் எண்ணெய். பாலியஸ்டருக்கு எண்ணெயோடு ஒட்டுதல் அதிகம். துவைத்தாலும் முழுதாக விடாது, சில வாரங்களில் சிக்கு வாடை பிடித்துக்கொள்ளும். ஏசியில் தூங்குபவர்களுக்கு வியர்வைத் தொல்லை இல்லை. ஆனால் வறண்ட காற்றில் பாலியஸ்டர் நிலைமின்னேற்றம் பிடித்து மெல்லிய முடியைத் தூக்கி நிறுத்தும். கடலோர ஈரக்காற்றில் இது அநேகமாக வராது.

என் முடிவைச் சொல்கிறேன். வியர்க்கும் அறையில் உறையாகப் போட வேண்டுமென்றால் பட்டுச் சாட்டின்தான். ஏசி அறை, எண்ணெய் குறைவு என்றால் பாலியஸ்டர் சாட்டினே போதும், பத்து மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. பட்டு வாங்க முடியாது, பாலியஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 'காட்டன் சாட்டீன்' என்று வரும் பருத்தித் துணியைப் பாருங்கள். சாட்டின் அளவுக்கு வழுக்காது, ஆனால் சாதாரண உறையைவிட நிச்சயம் மேல்.

உறையா, பானெட்டா, துணிக்கட்டா?

உறை காப்பது உறைமேல் படும் முடியை மட்டும். தோள்வரை முடி என்றால் அது போதும். இடுப்புவரை முடி இருந்தால் பாதிக்கு மேல் படுக்கை விரிப்பில்தான் புரளும். தங்கையின் நுனிப் பிளவுகள் எல்லாம் அந்தப் பாதியில்தான் இருந்தன. அவளுக்கு உறையை மாற்றுவதைவிட முடியை மூடுவதுதான் வழி என்று அப்போது தெளிவானது.

பானெட் என்பது தூங்கும்போது முடி முழுவதையும் உள்ளே அடக்கிப் போட்டுக்கொள்ளும் தளர்வான தொப்பி. சாட்டின் பானெட் கறுப்பினப் பெண்களின் வீடுகளில் தலைமுறைகளாக இருப்பது. நெருங்கிச் சுருண்ட முடி வளைவுக்கு வளைவு உடையக்கூடியது என்பதை அறிந்து, தூக்கத்தில் அதைக் காக்க அவர்கள் பழக்கப்படுத்திய முறை. சுருள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பயன் இதில். நேர்முடி உள்ளவருக்கு ஒரு தளர்வான சடையே அந்தப் பயனில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும்.

பானெட் வாங்கும்போது முதலில் அதை உள்பக்கம் திருப்புங்கள். ஒற்றைத் துணியில் தைத்த பானெட்டுகளில் பளபளப்பான பக்கம் வெளியே இருக்கும். முடியைத் தொடும் உள்பக்கம் சாட்டினின் மங்கலான பின்பக்கம். போட்டோவில் அழகாக இருக்கும், முடிக்கு எந்தப் பயனும் இல்லை. வெட்டிய ஓரங்கள் நூல் நூலாக உள்ளே தொங்கும், முடி அதில்தான் போய் மாட்டும். இரண்டு அடுக்காகத் தைத்து, உள்ளும் வெளியும் பளபளப்பான பக்கம் வருவதையே எடுங்கள். கையிலிருப்பது ஒற்றைத் துணி என்றால் அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், பார்வைக்குத்தான் சுமாராக இருக்கும்.

அடுத்தது எலாஸ்டிக். தலையின் சுற்றளவைவிட இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைவாக இருக்கக் கூடாது. காலையில் நெற்றியில் கோடு பதிந்து, முகம் கழுவிய பிறகும் மறையாமல் இருந்தால் இறுக்கம் அதிகம். முன்நெற்றி முடி மெல்லியது. தினமும் அதே கோட்டில் அழுத்தமும் இழுப்பும் இருந்தால் அந்த ஓரம் மெலிந்து பின்னால் போகும், உரசலைவிட இது மோசமான சேதம். எலாஸ்டிக்குக்குப் பதிலாக நாடா வைத்துக் கட்டும் வகை இந்த விதத்தில் நல்லது. பட்டு உறைமேல் சாட்டின் பானெட் போட்டால் இரண்டும் வழுக்கி, பாதி ராத்திரியில் பானெட் தரையில் கிடக்கும். பானெட் என்றால் உறை பருத்தியாகவே இருக்கட்டும்.

கடைசியில் தங்கைக்குச் சரிப்பட்டது பானெட்டும் இல்லை, 90 சென்டிமீட்டர் சதுரமான மெல்லிய பட்டு ஸ்கார்ஃப். பட்டு என்பதால் வியர்வை தேங்குவதில்லை, கட்டும் இறுக்கமும் அவள் கையில் இருக்கிறது. கட்டும் முறை இது:

1. முடி முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். இரவில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு மூடினால் உச்சந்தலை வேகும், வாடை வரும், பொடுகு கூடும். காயவில்லை என்றால் அன்றைக்குக் கட்டவே வேண்டாம்.

2. விரலால் சிக்கெடுத்து, தளர்வாக ஒற்றைச் சடை போடுங்கள். நுனியில் ரப்பர் பேண்டு வேண்டாம், சாட்டின் துணியில் தைத்த வளையம் போதும். நெருங்கிய சுருள் முடி என்றால் சடைக்குப் பதிலாக உச்சியில் அள்ளித் தளர்வாக ஒரே ஒரு சுற்று.

3. ஸ்கார்ஃபை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, நீளமான ஓரத்தைப் பிடரியில் வையுங்கள். சடையை மேலே தூக்கி உச்சியில் மடித்துப் படுக்க வைத்து, முக்கோணத்தின் முனையை அதன்மேல் நெற்றிக்குக் கொண்டு வாருங்கள்.

4. இரண்டு பக்க முனைகளையும் முன்னால் கொண்டுவந்து, நெற்றிக்கு மேலே முடிச்சிடுங்கள். பின்னால் முடிச்சிட்டால் அதன்மேல்தான் படுக்க வேண்டியிருக்கும். முக்கோண முனையை முடிச்சுக்குள் செருகுங்கள். ஒரு விரல் சுலபமாக உள்ளே போக வேண்டும்.

ஹிஜாப் அணிபவர்களுக்கு இதே கணக்கு பகலுக்கும் பொருந்தும். உள்ளே போடும் பருத்தித் தொப்பியை உள்பக்கம் சாட்டின் உள்ளதாக மாற்றினால், நாள் முழுக்க அதே இடத்தில் நடக்கும் உரசல் குறையும்.

வீட்டில் தைப்பதென்றால்

17க்கு 27 அங்குலத் தலையணைக்கு, 44 அங்குல அகலத் துணி ஒன்றே முக்கால் மீட்டர் வாங்கினால் இரண்டு உறை வரும். ஒன்றுக்கு 19 அங்குல அகலம், 62 அங்குல நீளம். நீளத்தில் 6 அங்குலம் உள்ளே மடங்கும் மூடிக்குப் போகும், அதனால் ஜிப்போ பட்டனோ தேவையில்லை. 9 அல்லது 11 எண் ஊசியைப் போடுங்கள், பெரிய ஊசி சாட்டினில் ஓட்டை விடும். குண்டூசியைத் தையலுக்கு ஒதுக்கிய ஓரத்தில் மட்டும் குத்துங்கள். வெட்டிய ஓரம் வெளியே தெரியாத பிரெஞ்சுத் தையல் போட்டால் நூல் பிரியாது.

துவைப்பது

பட்டு புரதம் என்பதை இங்கேயும் நினைவில் வைக்க வேண்டும். சாதாரணச் சலவைத் தூள் காரத்தன்மை உள்ளது, பலவற்றில் புரதக் கறையைக் கரைக்கும் நொதியும் இருக்கும். ரத்தக்கறையைக் கரைக்கும் அதே நொதி பட்டையும் அரிக்கும். பட்டுக்கென்று விற்கும் திரவம் அல்லது மென்மையான ஷாம்பூ போதும். குளோரின் பிளீச் பக்கமே போகக் கூடாது.

தண்ணீர் வெதுவெதுப்பாக, 30 டிகிரி அளவில் இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி காலையில் குழாய்த் தண்ணீரில் அலசினால் எண்ணெய் வெண்ணெயாகத் துணியிலேயே தங்கும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் போடுங்கள். வெயில் பட்டால் பட்டு மஞ்சளாகி நூல் பலமிழக்கும். பாலியஸ்டருக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை, வழக்கமான தூளும் 40 டிகிரித் தண்ணீரும் தாங்கும். எண்ணெய் பூசிய இரவுகளுக்குத் தனியாக ஒரு பழைய பருத்தி உறையை ஒதுக்கிவிடுங்கள், பட்டோ பாலியஸ்டரோ கூடுதல் நாள் வரும்.

வாரம் ஒருமுறை துவைத்த பிறகு, இருட்டில் கைப்பேசி டார்ச்சைத் துணிக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். பட்டில் மெல்லிய பூம்பஞ்சு கிளம்பியிருந்தாலோ, பாலியஸ்டரில் உருண்டைகளும் இழுபட்ட நூல்களும் தெரிந்தாலோ அந்த இடம் பருத்தியைப் போலவே தேய்க்கும். பெரும்பாலும் நடுப்பகுதிதான் முதலில் போகும், ஓரங்கள் நன்றாக இருக்கும். அதை வெட்டி முடி வளையங்கள் தைத்துக்கொள்ளலாம், தலையணைக்குப் புது உறை மாற்றிவிடுங்கள்.